சுருக்கத்தில் ஓர் எண், அட்டவணையில் இன்னோர் எண்

மருத்துவ ஆய்வுக் கட்டுரை ஒன்று பத்துப் பன்னிரண்டு பக்கம் போகும். அதன் தலைப்புக்குக் கீழே இருநூற்றைம்பது, முந்நூறு சொற்களில் ஆய்வுச் சுருக்கம் இருக்கும். யாரிடம் ஆய்வு நடந்தது, என்ன செய்து பார்த்தார்கள், என்ன கிடைத்தது, அதிலிருந்து என்ன தெரிகிறது என்பதெல்லாம் அந்தச் சின்னப் பகுதிக்குள் அடங்கிவிடும். முழுக் கட்டுரையையும் உட்கார்ந்து படிப்பவர்கள் குறைவு. பப்மெட் போன்ற தேடுதளங்களில் யாருக்கும் இலவசமாகக் கிடைப்பது சுருக்கம்தான். உள்ளே போகப் பல இதழ்களுக்குப் பணம் கட்ட வேண்டும். ஒரு மருந்தைப் பற்றிச் சந்தேகம் வந்து தேடும் மருத்துவரும், செய்தி எழுத உட்காரும் நிருபரும் முதலில் பார்ப்பது அதைத்தான். பலர் அதோடு நின்றும்விடுகிறார்கள். அட்டவணையில் ஓர் எண்ணும் சுருக்கத்தில் வேறோர் எண்ணும் இருந்தால், வெளியே பரவுவது சுருக்கத்தில் இருக்கிற எண்தான்.

இது எங்கோ ஓரிரு இடத்தில் நடக்கும் தவறு என்று எண்ணத் தோன்றும். அமெரிக்க மகப்பேறு மருத்துவரும் இதழாசிரியருமான ராய் பிட்கின் அப்படி எண்ணிவிட்டுவிடாமல் எண்ணிப் பார்த்தார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஆறு பெரிய பொது மருத்துவ இதழ்களை எடுத்துக்கொண்டார்கள். ஜாமா, லான்செட், பிஎம்ஜே, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின், அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின், கனடா மருத்துவச் சங்கத்தின் இதழ் என்று எல்லாமே பேர்பெற்றவை. 1996, 1997 ஆண்டுகளில் வந்த கட்டுரைகளில் இதழுக்கு 44 வீதம் எடுத்து, சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு தகவலையும் கட்டுரையின் உடலோடு ஒப்பிட்டார்கள். 1999-ல் ஜாமாவில் முடிவு வெளியானது. குறைபாடுள்ள சுருக்கங்களின் பங்கு, மிக நன்றாக இருந்த இதழிலேயே 18 சதவீதம். மிக மோசமாக இருந்த இதழில் 68 சதவீதம்.

குறைபாடு என்று அவர்கள் எதை வைத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சுருக்கத்தில் உள்ள எண் உள்ளே வேறாக இருந்தால் அது ஒரு வகை. சுருக்கத்தில் உள்ள எண் உள்ளே எங்குமே இல்லாமல் இருந்தால் அது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையைப் பலர் தவறாகவே கருதுவதில்லை. ஆனால் உள்ளே இல்லாத எண்ணை யாராலும் சரிபார்க்க முடியாது. அது எங்கிருந்து வந்தது என்று எழுதியவருக்கே ஆறு மாதம் கழித்து நினைவிருக்காது.

எச்சரித்தால் போதும், எழுதுகிறவர்கள் கவனமாக இருப்பார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். அதையும் பிட்கின் சோதித்திருக்கிறார். திருத்தி அனுப்பும்படி கட்டுரைகளைத் திருப்பி அனுப்பும்போது, ஒரு பகுதி ஆசிரியர்களுக்கு மட்டும் சுருக்கத்தின் துல்லியம் பற்றித் தனியாகக் குறிப்புக் கொடுத்தார்கள். 1998-ல் வெளியான அந்தச் சோதனையில், குறிப்புப் பெற்றவர்களின் சுருக்கங்களில் 28 சதவீதமும் பெறாதவர்களின் சுருக்கங்களில் 26 சதவீதமும் குறைபாட்டோடு வந்தன. அறிவுரையால் எந்தப் பயனும் இல்லை. பிறகு ஜாமா, பணியாளரைக்கொண்டே ஒவ்வொரு சுருக்கத்தையும் சரிபார்க்கத் தொடங்கியதும் குறைபாடு பாதிக்கும் கீழாக இறங்கியது. கவனம் என்பது மனநிலை. சரிபார்ப்பு என்பது வேலை. யாராவது உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தால்தான் தவறு பிடிபடுகிறது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். கீழே வரும் ஆய்வு உண்மையில் நடந்ததல்ல, விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டது. ஆனால் இதில் வரும் தவறுகள் எல்லாம் வழக்கமாக வருபவை.

உயர் ரத்த அழுத்தம் உள்ள 412 பேர். மாத்திரை போட நினைவூட்டிக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பலன் உண்டா என்பது கேள்வி. 206 பேருக்குச் செய்தி போகிறது. மற்ற 206 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறாவது மாதம் வந்து பார்க்கும்போது செய்திக் குழுவில் 189 பேரும் மற்ற குழுவில் 184 பேரும்தான் பரிசோதனைக்கு வருகிறார்கள். மீதிப் பேர் வரவில்லை. வந்தவர்களில் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் முறையே 121 பேர், 92 பேர்.

முதல் வரைவில் ஆசிரியர்கள் வந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். 189-ல் 121 என்றால் 64.0 சதவீதம், 184-ல் 92 என்றால் 50.0 சதவீதம். வேறுபாடு 14.0 சதவீதப் புள்ளி. இந்தக் கணக்கோடு சுருக்கம் எழுதி, ஒரு மாநாட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். பிறகு கட்டுரை ஆய்விதழுக்குப் போனது. அங்கே மதிப்பாய்வாளர் ஒருவர் சரியான ஆட்சேபம் எழுப்பினார். பரிசோதனைக்கு வராதவர்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் சித்திரம் கோணலாகும். குழுவில் சேர்த்த எல்லோரையும் கணக்கில் வையுங்கள், வராதவர்களைக் கட்டுக்குள் இல்லாதவர்கள் என்றே கொள்ளுங்கள் என்றார். இப்போது 206-ல் 121, அதாவது 58.7 சதவீதம்; 206-ல் 92, அதாவது 44.7 சதவீதம். வேறுபாடு 14.1. அந்த வேறுபாட்டின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 4.5 முதல் 23.6 வரை. இது அட்டவணை 2-ல் ஏறியது. பழைய கணக்கு, கூடுதல் தகவலாக அட்டவணை 4-க்குத் தள்ளப்பட்டது.

இனி சுருக்கத்துக்கு வருவோம். திருத்தி அனுப்பிய இறுதிப் படியில் அது இப்படி இருக்கிறது:

“உயர் ரத்த அழுத்தம் உள்ள 412 பேர் (சராசரி வயது 57.3, பெண்கள் 56%) இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 373 பேர் இறுதிவரை பங்கேற்றனர். ஆறாம் மாதத்தில் குறுஞ்செய்திக் குழுவில் 64.0% பேருக்கும், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 44.7% பேருக்கும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தது (வேறுபாடு 14.1 சதவீதப் புள்ளி. 95% நம்பிக்கை இடைவெளி 4.1 முதல் 24.0 வரை). குறுஞ்செய்தி ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டை 28% உயர்த்துகிறது.”

படிக்கும்போது எதுவும் உறுத்தாது. அதுதான் ஆபத்து. வாக்கியத்தைப் பொருளுக்காகப் படிக்கிற கண், எண்களின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். எழுதியவருக்கு அது இன்னும் வேகமாக வழுக்கும், ஏனென்றால் அந்த எண்கள் அவருக்கு ஏற்கெனவே பழக்கமானவை; 64.0 என்பதை அவர் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரிபார்ப்பவர் இதைக் காகிதத்தில் எடுத்து ஒவ்வொரு எண்ணையும் வட்டமிடுகிறார். ‘ஆறாம் மாதம்’ என்று எழுத்தில் இருப்பதும் எண்தான். அதையும் வட்டமிட வேண்டும். பிறகு ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில், அது எந்த அட்டவணையில், எந்த வரிசையில், எந்தப் பத்தியில் இருக்கிறது என்று எழுத வேண்டும். வெறுமனே ‘சரி’ என்று டிக் அடிப்பதில் பயனில்லை. இடத்தை எழுத வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால்தான் கண் உண்மையில் அங்கே போகும்.

412 அட்டவணை 1-ன் தலைப்பில் இருக்கிறது: 206, 206. 56 சதவீதத்துக்கு அட்டவணையில் பெண்கள் 118, 113 என்று இருக்கிறது. கூட்டினால் 231, 412-ல் 231 என்பது 56.07 சதவீதம். 56 என்று சொல்வது சரி. 373 என்பது 189-ம் 184-ம் சேர்ந்தது. அதுவும் சரி. வயது 57.3 மட்டும் எங்கும் இல்லை. அட்டவணையில் ஒரு குழுவின் சராசரி 56.8, மற்றதன் சராசரி 57.8. இரு குழுவும் சம அளவு என்பதால் மொத்தச் சராசரி 57.3 என்று நாமே கண்டுபிடித்துவிடலாம். எண் சரிதான், ஆனாலும் உள்ளே இல்லை. பிட்கினின் அளவுகோலில் இது குறைபாடு. அட்டவணையில் ‘மொத்தம்’ என்று ஒரு பத்தியைச் சேர்த்தால் தீர்ந்துவிடும்.

அடுத்தது 64.0. இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். கணினியில் `Ctrl+F` அழுத்தி 64.0 என்று தேடுகிறார் ஒருவர். கிடைக்கிறது! அட்டவணை 4-ல் அந்த எண் அப்படியே இருக்கிறது. திருப்தியோடு அடுத்த எண்ணுக்குப் போய்விடுகிறார். எண் இருக்கிறதா என்பது மட்டும் கேள்வியல்ல. எந்தக் குழுவின் எண், எந்த மாதத்தின் எண், எத்தனை பேரில் எடுத்த சதவீதம் என்பதெல்லாம் சேர்ந்தே பொருந்த வேண்டும். 64.0 என்பது 189 பேரில் எடுத்தது. பக்கத்தில் இருக்கும் 44.7 என்பது 206 பேரில் எடுத்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துவிட்டார்கள். வெளியில் இருந்து படிப்பவருக்குக் குறுஞ்செய்தியால் கிட்டத்தட்ட 19 புள்ளி முன்னேற்றம் என்று தோன்றும். ஆய்வு காட்டியது 14 புள்ளி.

64.0-லிருந்து 44.7-ஐக் கழித்தால் 19.3 வருகிறது, சுருக்கமோ 14.1 என்கிறது. இந்தக் கழித்தலை ஒருவர் செய்திருந்தால் அப்போதே தவறு பிடிபட்டிருக்கும். ஆகவே ஒரே வாக்கியத்துக்குள் இருக்கும் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று கணக்குப் போடுவது நல்ல பழக்கம். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. காரணம் அடுத்த எண்ணிலேயே இருக்கிறது. நம்பிக்கை இடைவெளி 4.1 முதல் 24.0 வரை என்கிறது சுருக்கம். இப்படிப்பட்ட வேறுபாடுகளில் இடைவெளியின் நடுப்புள்ளி பெரும்பாலும் அந்த வேறுபாட்டின் மேலேயே விழும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 14.05, கிட்டத்தட்ட 14.1. சோதனையில் தேறிவிட்டது. ஆனால் தவறு! அட்டவணை 2-ல் இருப்பது 4.5 முதல் 23.6 வரை. சுருக்கத்தில் இருப்பது பழைய கணக்கின் இடைவெளி. பழைய வேறுபாடும் புதிய வேறுபாடும் நெருங்கி இருந்ததால் உள்கணக்கு இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. அட்டவணையின் கட்டத்தில் விரலை வைத்துப் பார்த்தவருக்கு மட்டுமே இது தெரியும்.

கடைசியாக அந்த 28 சதவீதம். இது 50-லிருந்து 64-க்கு உயர்ந்ததைப் பழைய கணக்கில் விகிதமாகச் சொன்னது. புதிய கணக்கில் அது சுமார் 32 ஆகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், சதவீதமும் சதவீதப் புள்ளியும் அடுத்தடுத்த வரிகளில் கலந்து கிடப்பது. முந்தின வரி 14 புள்ளி என்கிறது, அடுத்த வரி 28 சதவீதம் என்கிறது. நூறு பேரில் 28 பேர் கூடுதலாகப் பயனடைந்தார்கள் என்று வாசகர் எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த எண் அட்டவணையிலும் இல்லை, உள்ளே எங்கும் இல்லை. அதை எடுத்துவிடுவதுதான் சரி.

அட்டவணை கையில் இல்லாத வாசகரால் ஏதாவது செய்ய முடியுமா? கொஞ்சம் முடியும். சுருக்கம் 412 பேர், இரு குழு என்கிறது. குழுவுக்கு 206 பேர் என்று தெரிந்தால், 206-ல் 64.0 சதவீதம் என்பது எத்தனை பேர் என்று கேட்டுப் பார்க்கலாம். 131 பேர் என்றால் 63.6 சதவீதம். 132 பேர் என்றால் 64.1. இடையில் மனிதர் இல்லை. ஆக 206 பேரில் 64.0 சதவீதம் என்பது வரவே முடியாத எண். அது வேறு ஏதோ எண்ணிக்கையிலிருந்து வந்திருக்க வேண்டும். சராசரிகளுக்கு இதே தர்க்கத்தைப் பயன்படுத்தும் ஒரு சோதனையை நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற இருவர் ‘கிரிம்’ என்ற பெயரில் முன்வைத்து, அது உளவியல் ஆய்வுகளில் பல ஐயங்களைக் கிளப்பியது. சிறிய குழுக்களில்தான் இது வேலை செய்யும். ஐயாயிரம் பேர் இருக்கும் ஆய்வில் ஒரு தசமத்தோடு எந்தச் சதவீதமும் வரக்கூடியதுதான் என்பதால் அங்கே இதனால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த உதாரணத்தின் வேர், சுருக்கம் எழுதப்பட்ட நேரத்தில் இருக்கிறது. அச்சில் அது முதலில் வருகிறது. மாநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால் பல சமயம் எழுதப்படுவதும் முதலில்தான். அதன் பிறகு கணக்கு மாறுகிறது, ஆள் எண்ணிக்கை மாறுகிறது, மதிப்பாய்வாளர் சொல்லி அட்டவணை மாறுகிறது. அட்டவணையைப் புள்ளியியலாளர் திருத்துகிறார். சுருக்கத்தை முதல் ஆசிரியர் திருத்துகிறார். அதுவும் எண்களைவிடச் சொல் எண்ணிக்கையைக் குறைப்பதில்தான் அவர் கவனம் இருக்கும். ‘பரிசோதனைக்கு வந்தவர்களில்’ என்ற இரண்டு சொல்லை இடத்துக்காக வெட்டினால், எண் மாறாமலேயே அதன் பொருள் மாறிவிடுகிறது. 2008-ல் வெளியான, சுருக்கங்களுக்கான கான்சார்ட் நெறிமுறை, ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்பதோடு எத்தனை பேர் கணக்கில் எடுக்கப்பட்டார்கள் என்பதையும் சுருக்கத்திலேயே சொல்லச் சொல்கிறது. நம் உதாரணத்தில் ‘206-ல் 121’ என்று சுருக்கத்தில் எழுதியிருந்தால் 64.0 அங்கே நிற்க இடமே இருந்திருக்காது. சதவீதத்தை மட்டும் எழுதாமல் ஆள் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுவது, சரிபார்ப்பைப் பாதி சுலபமாக்கிவிடும் என்பது என் கருத்து.

வரிசையும் முக்கியம். முதலில் கணினி தந்த கணக்கு வெளியீட்டோடு அட்டவணைகளை ஒப்பிட வேண்டும். அட்டவணைகள் இனி மாறாது என்று முடிவான பிறகு, அவற்றோடு கட்டுரையின் உரையை ஒப்பிட வேண்டும். சுருக்கம் கடைசியில். நடுவில் ஓர் அட்டவணையில் ஒரு கட்டம் மாறினாலும் அந்த எண் வரும் எல்லா இடத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். எழுதியவரே தனியாகப் பார்ப்பதைவிட, எழுதாத ஒருவர் சுருக்கத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு “எந்தக் குழு? எத்தனை பேரில்?” என்று கேட்பது நன்றாக வேலை செய்கிறது. குழுக்கள் இடம் மாறியிருப்பது, கழித்தல் குறி விழுந்துபோயிருப்பது, ‘0.001-க்கும் குறைவு’ என்பது ‘0.001’ ஆனது போன்றவை காதில் கேட்கும்போதுதான் பளிச்சென்று தெரியும். ஒரு சுருக்கத்துக்கு இருபது நிமிடம், அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது.

சில குழுக்கள் இப்போது எண்களைக் கையால் தட்டுவதையே விட்டுவிட்டன. கணக்குப் போடும் நிரலே கட்டுரைக்குள்ளும் எண்ணை இட்டுவிடும். தரவு மாறினால் எண்ணும் தானாக மாறும். தட்டச்சுப் பிழையும் பழைய எண் தங்கிவிடுவதும் இதனால் ஒழிகின்றன. ஆனால் அட்டவணை 2-ன் கணக்குக்குப் பதிலாக அட்டவணை 4-ன் கணக்கை நிரலில் சுட்டிவிட்டால், தவறான எண் ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்து உட்காரும். எண்ணைச் சுற்றியிருக்கும் சொற்களும் தானாக மாறுவதில்லை. ‘அதிகம்’ என்று எழுதிய இடத்தில் எண் குறைந்துபோயிருக்கலாம்.

சரிபார்ப்பு எட்டாத இடங்களும் உண்டு. அட்டவணையே தவறாக இருந்தால் சுருக்கம் அதோடு கச்சிதமாகப் பொருந்தி நின்று, மூன்று இடத்திலும் ஒரே தவறு இருக்கும். ஆய்வின் முக்கியக் கேள்விக்குப் பலன் எதுவும் கிடைக்காமல், பக்கக் கேள்வி ஒன்றின் நல்ல முடிவை மட்டும் சுருக்கத்தில் எழுதியிருந்தாலும் எல்லா எண்களும் சரியாகவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, சுருக்கத்தில் இருக்கும் எண்களை அட்டவணையில் தேடினால் போதாது. அட்டவணையின் முதல் வரிசையில் இருப்பது சுருக்கத்தில் இருக்கிறதா என்று எதிர்த்திசையிலும் ஒருமுறை போய்வர வேண்டும்.

எல்லாம் முடிந்து கட்டுரையை இதழின் தளத்தில் ஏற்றும்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. அங்கே சுருக்கத்தைத் தனியாக ஒட்டுவதற்கு ஒரு பெட்டி இருக்கும். முதன்முறை அனுப்பியபோது அதில் ஒட்டிய பழைய சுருக்கம், திருத்திய படியை ஏற்றும்போதும் அப்படியே நிற்கும். யாராவது போய் மாற்றினால்தான் மாறும். இப்போது ஒரே கட்டுரைக்கு இரண்டு சுருக்கங்கள். மதிப்பாய்வாளரை அழைக்கும் மின்னஞ்சலில் பெரும்பாலும் போவது பெட்டியில் இருப்பதுதான். அச்சுக்கு முந்தைய புரூஃபில் எந்தச் சுருக்கம் வந்திருக்கிறது என்பதையும் அதனால்தான் எண் எண்ணாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. சுருக்கத்தோடு சேர்த்துக் கேட்கப்படும் முக்கியக் குறிப்புகள், படச் சுருக்கம், ஆசிரியருக்கு எழுதும் முகப்புக் கடிதம் ஆகியவற்றிலும் இதே எண்கள் மறுபடி வருகின்றன. 64.0 அங்கும் ஒளிந்திருக்கலாம்.

வெளியான பிறகு பிடிபட்டால் இதழுக்கு எழுதித் திருத்த அறிவிப்புப் போடச் சொல்ல வேண்டும். பப்மெட் அந்த அறிவிப்பை மூலக் கட்டுரையோடு இணைத்துக் காட்டும். ஆனால் அதற்குள் அந்தச் சுருக்கத்திலிருந்து எண்ணை எடுத்துத் தம் கட்டுரையில் எழுதிவிட்டவர்களுக்கு அந்த அறிவிப்பு தானாகப் போய்ச் சேராது.